பார்ட்னர் இடத்துல வாளோட பாய்ஞ்சு வந்தவன்

அந்த கார்ட திருப்பினப்ப எனக்கு வந்த முதல் ஃபீலிங் என்னன்னு மறைக்காம சொல்லிடறேன், சந்தோஷம். குதிரை, கவசம், தூக்கிப் புடிச்ச வாள், சிவப்பு கேப் பறக்குது, ஆளு நமக்காக உயிரக் குடுத்து ஓடி வர்றான், இதுக்கு மேல என்ன வேணும்னு நெனச்சேன். நைட் ஆஃப் ஸ்வார்ட்ஸ், அதாவது வாள் ஏந்துன குதிரை வீரன். பார்ட்னர் பொசிஷன்ல. டாரட் கத்துக்க ஆரம்பிச்சு ஒரு வருஷம் கூட ஆகல அப்ப, ரைடர் வெய்ட் டெக்தான் வெச்சிருந்தேன், எழுபத்தெட்டு கார்டுக்கும் ஆளுக்கு ரெண்டு வார்த்தை மனப்பாடம் பண்ணி வெச்சிருந்த ஸ்டேஜ்.

கேள்வி ஒருத்தர பத்தி. ஃப்ரெண்டோட ஃப்ரெண்ட், பழக்கம் ஆகி மூணு வாரம். முதல் வாரத்துலயே "நீங்க யாரயாவது பாத்துட்டு இருக்கீங்களா, இல்லன்னா நான் ட்ரை பண்றேன், சுத்தி வளைக்க எனக்கு வராது"ன்னு நேரா கேட்டவரு. எனக்கு அது புடிச்சிருந்துச்சு, உண்மையா. ஆனா அதுக்கப்புறம் வேகம் கொறயவே இல்ல. மெசேஜ் போட்டு பத்து நிமிஷத்துல பதில் வரலன்னா ஒரு கேள்விக்குறி, அப்புறம் ரெண்டு கேள்விக்குறி, அப்புறம் கால். ரெண்டாவது வாரம் "நாம என்ன, சொல்லுங்க, பேர் வைங்க இதுக்கு". மூணாவது வாரம் "யோசிக்க என்ன இருக்கு, புடிச்சிருந்தா யெஸ், இல்லன்னா நோ". நான் எல்லாத்துக்கும் "பாக்கலாம்"னு சொல்லிட்டே இருந்தேன். இந்த "பாக்கலாம்"ஐ ஞாபகம் வெச்சுக்கோங்க, கீழ வரும்.

போட்டது அஞ்சு கார்டு ஸ்ப்ரெட். ஒண்ணு நான், ரெண்டு அவரு, மூணு எங்களுக்கு நடுவுல இருக்கறது, நாலு எது தடுக்குது, அஞ்சு இது எந்தப் பக்கம் போகுது. ஒண்ணையும் ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வெச்சு, மூணாவத நடுவுல கொஞ்சம் கீழ எறக்கி வெப்பேன். எனக்கு டூ ஆஃப் ஸ்வார்ட்ஸ், அவருக்கு நைட் ஆஃப் ஸ்வார்ட்ஸ், நடுவுல ஃபைவ் ஆஃப் ஸ்வார்ட்ஸ், தடங்கல் எய்ட் ஆஃப் வாண்ட்ஸ், கடைசி செவன் ஆஃப் பெண்டக்கிள்ஸ். அஞ்சுல மூணு வாள், ஒரு கப் கூட இல்ல. மனசு, பாசத்த சொல்றது கப்ஸ், லவ் ரீடிங்ல அதுவே இல்லன்னா ஒரு செகண்டாவது நின்னு யோசிச்சிருக்கணும், நான் நிக்கல. குதிரையத்தான் பாத்துட்டு இருந்தேன்.

எனக்கு சொல்லிக்குடுத்த அக்காவுக்கு ஃபோட்டோ எடுத்து அனுப்பிட்டு "வீரன் வர்றான் அக்கா"ன்னு ஒரு ஹார்ட் போட்டேன். அவங்க திருப்பி கால் பண்ணி "நாலு நைட்டையும் வரிசையா எடுத்து வெச்சு குதிரைய மட்டும் பாரு, அப்புறம் பேசலாம்"னு சொல்லிட்டு வெச்சுட்டாங்க.

கப்ஸ், பெண்டக்கிள்ஸ், வாண்ட்ஸ், ஸ்வார்ட்ஸ்னு நாலு சூட், ஒவ்வொண்ணுக்கும் ஒரு நைட் உண்டு, எடுத்து வெச்சேன். கப்ஸ் நைட்டோட குதிரை மெதுவா தல குனிஞ்சு நடக்குது, அவன் கையில கிண்ணம், அது சிந்தக் கூடாதுன்னு வர்றவன். பெண்டக்கிள்ஸ் குதிரை அப்படியே நிக்குது, அசையவே அசையாது. வாண்ட்ஸ் குதிரை முன்னங்கால தூக்குது, ஷோ காட்டற மாதிரி. ஸ்வார்ட்ஸ் குதிரை மட்டும்தான் முழு பாய்ச்சல்ல இருக்கு. பின்னாடி மரமெல்லாம் வளையுது, மேகம் கிழிஞ்ச துணி மாதிரி இழுபடுது. குதிரையோட கடிவாளத்துலயும் அணிகலன்லயும் பாத்தா பட்டாம்பூச்சியும் பறவையும் போட்டிருக்கும், அதெல்லாம் காத்து, அதாவது புத்தி, பேச்சு, யோசனை. அஞ்சு பூதத்துல வாள் சூட்டுக்கு உள்ளது காத்துதான். அப்ப இவன் மனசால வர்றவன் இல்ல, ஒரு முடிவோட வர்றவன். தலயில ஒரு ஐடியா விழுந்துருச்சு, அத முடிக்காம தூங்க மாட்டான். அந்த ஐடியா இந்த மாசம் நான்.

இது கேக்கறதுக்கு கொஞ்சம் கொடுமையா இருக்கும், ஆனா எனக்கு சட்டுன்னு புரிஞ்சது இந்த வார்த்தையிலதான். மூணு வாரத்துல அவரு என்கிட்ட கேட்ட கேள்விகள யோசிச்சுப் பாத்தேன். யெஸ்ஸா நோவா, எப்ப சொல்லுவீங்க, ஏன் லேட், வேற யாராவது இருக்காங்களா. என்ன பத்தி ஒரு கேள்வி? எனக்கு என்ன புடிக்கும், எதுக்கு பயம், நேத்து நாள் எப்படி போச்சு? ஒண்ணு கூட ஞாபகம் வரல. பாயற குதிரையில இருந்து வழியில இருக்கறத யாரும் பாக்க மாட்டாங்க இல்லயா.

அதுக்காக இந்த கார்டு வந்தா ஆளு கெட்டவன்னு முடிவு பண்ணிடாதீங்க, அது அடுத்த தப்பு. இந்த டெக் 1909ல வந்தது, படம் வரைஞ்சது பமேலா கோல்மன் ஸ்மித், அர்த்தம் எழுதுனது வெய்ட். அவரே இந்த நைட்ட எதிரிகள சிதறடிச்சுட்டு பாயறவன்னும் சொல்றாரு, பழைய வீரக் காதல் கதையில வர்ற ஹீரோ மாதிரின்னும் சொல்றாரு. அர்த்தத்துல வீரம், திறமைன்னு ஆரம்பிச்சு கோபம், சண்டை, நாசம்னு போய் முடியும். ரெண்டும் ஒரே ஆளுதான். நேரா பேசறவன், பொய் சொல்லி இழுத்தடிக்காதவன், மனசுல ஒண்ணு வெளிய ஒண்ணு இல்லாதவன், அதே ஆளுதான் நீ பேசி முடிக்கறதுக்குள்ள குறுக்க வெட்டறவனும். நல்ல பாதிய வெச்சுக்கிட்டு மத்த பாதிய வேணாம்னு சொல்ல முடியாது, ஒரே வாள். ஆணா பொண்ணாங்கறதும் கிடையாது, என் ஃப்ரெண்டு ஒருத்தனுக்கு இதே கார்டு அவன் பழகுன பொண்ணுக்கு வந்துச்சு, அச்சு அசலா இதே வேகம்.

இன்னொண்ணு, பார்ட்னர் பொசிஷன்னா என்னன்னே நெறைய பேர் குழப்பிக்கறாங்க, நானும்தான். அந்த இடத்துல வர்றது அவரோட மொத்த ஜாதகமும் இல்ல, உங்க மேல அவருக்கு எவ்வளவு லவ்வுங்கற மீட்டரும் இல்ல. இந்த விஷயத்துல அவரு இப்ப எப்படி நிக்கறாரு, எந்த மாதிரி உங்ககிட்ட வர்றாரு, அவ்வளவுதான். ஆஃபீஸ்ல அதே ஆளு பெண்டக்கிள்ஸ் நைட் மாதிரி பொறுமையா இருக்கலாம். அப்புறம் கார்ட எடுக்கறது நான், கேள்வி என்னோடது, அதனால அது பாதி நான் அவர பாக்கற விதமும்தான். அவரு ரூமுக்குள்ள கேமரா வெச்ச மாதிரி பேசற ரீடர்ங்கள எனக்கு அப்பவும் புடிக்காது இப்பவும் புடிக்காது.

அப்புறம் ஒரு சின்ன விஷயம், இத யாரும் எனக்கு முதல்ல சொல்லல. இந்த நைட் படத்துல நம்ம பார்வைக்கு இடது பக்கம் பாயறான். என் ஸ்ப்ரெட்ல நான் இடது, பார்ட்னர் வலது. அப்ப அவன் பாயறது நேரா என் கார்டு மேல. இதே கார்டு, இதே பொசிஷன், ஆனா நீங்க பார்ட்னர இடது பக்கம் வெச்சு உங்க கார்ட வலது பக்கம் வெக்கறவங்கன்னா அவன் உங்களுக்கு முதுக காட்டிட்டு வெளிய ஓடறான், கத வேற ஆயிடுது. பாக்கற திசைய கணக்குல எடுக்கறதும் எடுக்காததும் ரீடரோட பழக்கம், கட்டாயம் ஒண்ணும் இல்ல. ஆனா எடுக்கறதா இருந்தா கார்டு போடறதுக்கு முன்னாடியே யாரு எந்தப் பக்கம்னு முடிவு பண்ணிடுங்க. போட்டதுக்கு அப்புறம் நமக்கு சாதகமா எடம் மாத்தறது ரீடிங் இல்ல, டெகரேஷன்.

சரி, அவன் பாயற திசையில யாரு உக்காந்திருக்கா? டூ ஆஃப் ஸ்வார்ட்ஸ். வெள்ள ட்ரெஸ், கண்ணுல கட்டு, நெஞ்சுக்கு குறுக்க ரெண்டு வாள், முதுகுக்குப் பின்னாடி கடல். அதான் நான். அதான் என்னோட "பாக்கலாம்". இங்கதான் எனக்கு கொஞ்சம் சுர்ருன்னுச்சு, ஏன்னா அது வரைக்கும் அவரு அவசரக்காரரு நான் பாவம்னு ஒரு கதை ஓட்டிட்டு இருந்தேன். அக்கா கேட்டாங்க, "நீ அவர்கிட்ட ஒரு தடவையாவது வேணாம்னோ இத்தன நாள் வேணும்னோ சொல்லியிருக்கியா?" இல்ல. நான் சொன்னதெல்லாம் கதவ சாத்தாமலும் தொறக்காமலும் நடுவுல நிக்கறது. பொறுமையான ஆளுன்னா இதுக்கு காத்திருப்பாரு. இந்த ஆளுக்கு அது தூண்டி விட்ட மாதிரி. ஒவ்வொரு "பாக்கலாம்"க்கும் அவரு இன்னும் கொஞ்சம் வேகமா வந்தாரு, ஒவ்வொரு வேகத்துக்கும் நான் வாள இன்னும் இறுக்கிக்கிட்டேன். ரெண்டு பேரும் ஒரே சூட்தான், அவரு வீசறாரு, நான் குறுக்க புடிக்கறேன். நடுவுல ஃபைவ் ஆஃப் ஸ்வார்ட்ஸ் வராம என்ன வரும், பேச்சுல ஜெயிச்சவன் வாள பொறுக்கிட்டு நிக்கறான், தோத்தவங்க தலய தொங்கப் போட்டு போறாங்க.

அந்த ஃபைவுக்கு ஒரு நேரடி உதாரணம் இருக்கு. நான் எழுதுன ஒண்ண அவருக்கு படிக்க அனுப்பியிருந்தேன், ஒரு மாசமா திருத்தித் திருத்தி வெச்சது. நாலு நிமிஷத்துல பதில், "முதல் பாதி போர், தூக்கிடுங்க. ரெண்டாவது பாதி ஓகே." அவ்வளவுதான். நாலு நிமிஷத்துல அத முழுசா படிச்சிருக்கவே முடியாது. நான் ரெண்டு நாள் மூஞ்ச தூக்கி வெச்சுக்கிட்டேன், அவருக்கு ஏன்னே புரியல, "கேட்டீங்க, சொன்னேன், பொய் சொல்லணுமா?"ன்னாரு. (முதல் பாதி போர்தான். அப்புறமா தூக்கிட்டேன். அது வேற விஷயம்.)

இந்த எடத்துல நான் கத்துக்கிட்டது, பட்டுன்னு பேசறதும் புண்படுத்தறதும் வெளிய பாத்தா ஒரே மாதிரி இருக்கும், ஆனா கார்டு அத பிரிச்சு சொல்லாது, ஆள்கிட்டதான் பாக்கணும். நான் மூணு விஷயம் பாத்தேன். அவரு சொன்னது நான் எழுதுனத பத்தியா இல்ல என்ன பத்தியா, எழுதுனத பத்தி. வலிச்சுதுன்னு நான் வாயத் தொறந்து சொன்னா அடுத்த தடவ கொஞ்சமாவது மாறுதா. அப்புறம் முக்கியமா, அதே மாதிரி திருப்பிக் குடுத்தா தாங்குவாரா. அடுத்த வாரம் அவரு ஒரு ப்ளான் சொன்னாரு, நான் அவரு மாதிரியே "இது சரிப்படாது, காசு வேஸ்ட்"ன்னேன். ஒரு செகண்ட் அமைதி. அப்புறம் சிரிச்சுட்டு "ஏன்னு சொல்லுங்க"ன்னாரு. அந்த எடத்துல எனக்கு அவரு மேல ஒரு மரியாதை வந்துச்சு, இப்பவும் இருக்கு. தான் மட்டும் வெட்டுவேன் என்ன யாரும் வெட்டக் கூடாதுங்கறவன் வேற ரகம், அவன்கிட்ட நேர்மைங்கறது வெறும் சாக்கு.

நடுவுல ஒரு அசட்டு வேலையும் பண்ணேன். அன்னிக்கி ராத்திரியே மறுபடி கலக்கி அதே கேள்விக்கு அவருக்கு ஒரு கார்டு, அது புடிக்காம இன்னொண்ணு, தெளிவா தெரியணும்னு அது மேல இன்னொண்ணு. கடைசியில ஏழு கார்டு பரப்பி வெச்சு நைட் ஆஃப் ஸ்வார்ட்ஸ ஒரு மூலையில தள்ளி நடுவுல நைட் ஆஃப் கப்ஸ் வர்ற வரைக்கும் எடுத்திருக்கேன். அது வந்ததும் நிம்மதியா தூங்கினேன். காலையில ஆளு மாறலியே, விடிஞ்சதும் "குட் மார்னிங், முடிவு?"ன்னு மெசேஜ். இந்த கார்டு வந்தா மறுபடி மறுபடி எடுக்கணும்னு கை பரபரக்கும், ஏன்னா அது பதட்டத்த குடுக்கற கார்டு, அந்த அவசரம் நமக்கும் தொத்திக்கும். கூட ஒரு கார்டு எடுத்தே ஆகணும்னா ஒண்ணோட நிறுத்துங்க, அதுவும் "இவரு நெஜமா எப்படி"ன்னு கேக்காம "இந்த வேகத்துக்கு முன்னாடி நான் என்ன பண்ணட்டும்"னு கேளுங்க.

நான் பண்ணது இதுதான். தடங்கல் எடத்துல இருந்த எய்ட் ஆஃப் வாண்ட்ஸ், எட்டு குச்சி ஆகாசத்துல பறக்குது, படத்துல மனுஷங்களே கிடையாது. மெசேஜ், வேகம், செய்திப் பரிமாற்றம்னு படிப்பாங்க, சாதாரணமா நல்ல கார்டு. ஆனா தடங்கலா வரும்போது அந்த வேகமே பிரச்சன. அதனால மெசேஜ்ல இத பேசறதில்லன்னு முடிவு பண்ணி கால் பண்ணி, ஒரே வாக்கியம், முன்னாடியே பேப்பர்ல எழுதி வெச்சு படிச்ச மாதிரி சொன்னேன். "எனக்கு ஒரு வாரம் வேணும், அடுத்த ஞாயித்துக்கெழம நானே கூப்புடறேன், அது வரைக்கும் மத்தது என்ன வேணா பேசலாம் இத மட்டும் கேக்காதீங்க." இந்த டைப் ஆளுக்கு ஜாடமாடயா சொன்னா ஏறாது. நாள் சொல்லணும், எது ஓகே எது ஓகே இல்லன்னு சொல்லணும், யாரு அடுத்து பேசப் போறாங்கன்னு சொல்லணும். அவரு பாஷையிலயே பேசினா அவருக்கு புரியுது, கோவமும் வரல.

அந்த ஒரு வாரம்தான் நெஜமான ரீடிங்குன்னு சொல்லுவேன். பிரேக் போட்டா குதிர நிக்குதா, ஏறி மிதிக்குதாங்கறத பாக்கத்தான் அது. திங்கள், செவ்வா ஒண்ணும் இல்ல. புதன் ராத்திரி "சும்மா ஒரு க்ளூ மட்டும்?"னு வந்துச்சு. நான் "ஞாயிறு"ன்னு ஒரு வார்த்தை போட்டேன். ரெண்டு நிமிஷம் கழிச்சு "சரி, என் தப்பு". அப்புறம் ஞாயிறு வரைக்கும் நெஜமாவே கேக்கல. இதுவே அந்த "ஞாயிறு"க்கு பதிலா திட்டு வந்திருந்தா, இல்ல சொல்லாம கொள்ளாம வீட்டு வாசல்ல வந்து நின்னிருந்தா, என் ஃப்ரெண்ட்ஸ்கிட்ட போய் விசாரிச்சிருந்தா, அதுக்கு அப்புறம் கார்ட தொட வேண்டிய அவசியமே இல்ல. அது அவசரம் இல்ல, வேற. அங்க ஸ்ப்ரெட் போட்டு உக்காராம கூட இருக்கறவங்ககிட்ட சொல்லிட்டு விலகறதுதான் வழி. "நைட் ஆஃப் ஸ்வார்ட்ஸ் அப்படித்தான் இருப்பாரு"ன்னு சமாதானம் சொல்ற ரீடர்ங்க இருக்காங்க, தயவு செஞ்சு கேக்காதீங்க.

ஞாயித்துக்கெழம நானே கூப்ட்டேன். வாள எறக்கி வெச்சுட்டு பேசணும்னு தீர்மானம் பண்ணியிருந்தேன், அதனால "பாக்கலாம்" கிடையாது. "எனக்கு உங்கள புடிச்சிருக்கு, ஆனா மூணு வாரத்துல பேர் வெக்க என்னால முடியாது, ஆறு மாசம் சாதாரணமா பழகலாம், அப்புறம் தெரியும்"னேன். அவரு ஒரு மூச்சு விட்டாரு. "ஆறு மாசம் என்னால முடியாதுங்க. எனக்கு தெரியும் நான் தாங்க மாட்டேன், நடுவுல உங்கள டார்ச்சர் பண்ணுவேன். சொன்னதுக்கு தேங்க்ஸ்." மொத்த காலும் நாலு நிமிஷம் இருக்குமா. அவ்வளவு வேகமா வந்தவரு அதே வேகத்துல என்ன தாண்டி போயிட்டாரு. அழுகை வந்துச்சு, பொய் சொல்ல மாட்டேன், ஆனா அன்னிக்கி ராத்திரி ஃபோன் சத்தமே இல்லாம இருந்தப்ப எவ்வளவு நாளா தோள தூக்கியே வெச்சிருந்தேன்னு அப்பதான் தெரிஞ்சுது.

அஞ்சாவது எடத்துல செவன் ஆஃப் பெண்டக்கிள்ஸ் இருந்துச்சு இல்லயா, செடிய பாத்துக்கிட்டே மண்வெட்டி மேல சாஞ்சு நிக்கற ஆளு. அத நான் "பொறுத்தா பழம் கெடைக்கும், அவரு காத்திருப்பாரு"ன்னு படிச்சு நோட்ல எழுதி வெச்சிருக்கேன், தேதியோட. பக்கத்துல சிவப்பு பேனாவுல பின்னாடி சேர்த்தது, "நிக்கறது நான். அவரு இல்ல."

இப்ப யாருக்காவது ரீட் பண்ணும்போது பார்ட்னர் எடத்துல இவன் வந்தா நான் முதல்ல ஆள பத்தி எதுவும் சொல்றதில்ல. "அவங்க கடைசியா உங்கள பத்தி கேட்ட கேள்வி என்ன?"ன்னு கேப்பேன், அப்புறம் "நீங்க கடைசியா அவங்களுக்கு குடுத்த தெளிவான பதில் என்ன?"ன்னு கேப்பேன். முதல் கேள்விக்கு பதில் சட்டுன்னு வந்தா குதிரை வேகமா இருந்தாலும் பார்வை இருக்குன்னு எடுத்துக்குவேன். தலைகீழா வந்தா, அதாவது ரிவர்ஸ்டா, வெய்ட் சொல்றது யோசனையில்லாதத்தனம், அதுல நான் பெரும்பாலும் பாக்கறது வேகம் இருக்கு திசை இல்ல, இன்னிக்கி நூறு மெசேஜ், நாளைக்கி காணோம். ரிவர்ஸ்ட் படிக்காத ரீடர்ஸும் நெறைய பேர் இருக்காங்க, அவங்க பக்கத்து கார்ட வெச்சே இத எடுத்துடுவாங்க. பக்கத்துல நிதானத்த சொல்ற டெம்பரன்ஸ் மாதிரி ஒண்ணு இருந்தா வேகம் அடங்க வாய்ப்பு இருக்குன்னு சொல்லுவேன், திடீர்னு எல்லாம் இடிஞ்சு விழறத சொல்ற டவர் பக்கத்துல இருந்தா எதுவும் கையெழுத்து போட்டுடாதீங்கன்னு சிரிச்சுக்கிட்டே சொல்லுவேன், ஆனா சிரிப்புக்கு சொல்றதில்ல.

அவரு கிட்ட இருந்து ஏழெட்டு மாசம் கழிச்சு ஒரே ஒரு மெசேஜ் வந்துச்சு. நான் எழுதுனது ஒரு எடத்துல வந்திருந்துச்சு, அத பாத்துட்டு. "முதல் பாதிய தூக்கிட்டீங்க. இப்ப நல்லாருக்கு." நான் தேங்க்ஸ்னு போட்டேன். அதுக்கு மேல அவரும் ஒண்ணும் கேக்கல.